எந்தப் பதிப்பு? எந்தத் தட்டு?

(நெய்வேலி நகரியத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நிலக்கரி எடுக்கும் ஊரில் சங்கீதத்துக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். நெய்வேலி சந்தானகோபாலன் என்ற பெயரைக் கேட்டவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சுமந்து செல்லும் வித்வானைத் தந்த ஊர் இது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். தமிழ்ப் பாடல்களைச் சுரதாளக் குறிப்போடு தொகுதி தொகுதியாக 1940-களில் அச்சிட்ட இடம். ஆகவே இன்று நான் பேச வந்த பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான அவை கிடையாது.

பொருள் இதுதான். இசையைப் பற்றி ஆய்வு செய்கிறவர், தன் ஆய்வேட்டின் கடைசியில் துணைநூற்பட்டியல் போடுகிறார். அதில் சுரதாளக் குறிப்பு நூலை எப்படிக் காட்டுவது? இசைத்தட்டை எப்படிக் காட்டுவது? ஒரே நூல் நாலு பதிப்பாக வந்திருந்தால், ஒரே தட்டு நாலு வடிவமாக வந்திருந்தால், எதைக் காட்டுவது?

ஒரே ஒரு பாடலை எடுத்துக்கொள்வோம். அந்த ஒரு பாடலை வைத்தே முழுவதையும் பார்த்துவிடலாம். முத்துசாமி தீட்சிதரின் "மீனாட்சி மே முதம் தேஹி". 1835 தீபாவளி நாளில், எட்டயபுரத்தில், சீடர்கள் இந்தக் கிருதியைப் பாடிக்கொண்டிருக்கும்போது தீட்சிதர் கண் மூடினார் என்று பரம்பரையாகச் சொல்கிறார்கள். இங்கே இருக்கும் பலருக்குப் பாடமான பாடல்.

என்ன ராகம் என்று இந்த அவையைக் கேட்டால், பத்துக் குரல் ஒன்றாகச் சொல்லும்: பூர்வி கல்யாணி. கச்சேரியில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒலிநாடா உறையில், குறுந்தகட்டு உறையில் அப்படித்தான் அச்சிடுகிறார்கள். ஆனால் இந்தப் பாடலைச் சுரக் குறிப்போடு முதலில் விரிவாக அச்சில் தந்த நூலைப் புரட்டுங்கள். அங்கே பூர்வி கல்யாணி என்ற தலைப்பு இல்லை. 53-ஆவது ராகாங்கம், கமகக்ரியா என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதானா, ஒன்றிலிருந்து ஒன்று விலகி வந்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாதத்தை நான் இங்கே தீர்க்க வரவில்லை. ஆய்வு மாணவர் தன் பட்டியலில் எந்தப் பெயரை எழுதுவார் என்பதுதான் என் கேள்வி.

அந்த நூல் எது? சங்கீத சம்பிரதாய பிரதர்சினி. எழுதியவர் சுப்பராம தீட்சிதர், தீட்சிதர் பரம்பரையில் வந்தவர், எட்டயபுரம் சமஸ்தான வித்வான். சின்னசாமி முதலியாரின் தூண்டுதலும் எட்டயபுரம் அரசரின் ஆதரவும் சேர்ந்து, எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சுக்கூடத்தில் 1904-இல் நூல் வெளிவந்தது. தெலுங்கு எழுத்து. சுமார் 1700 பக்கம். முத்துசாமி தீட்சிதரின் 229 கிருதிகள் அதில் இருக்கின்றன. அது மட்டுமா? கமகங்களுக்குத் தனித்தனிக் குறியீடு செய்து, சுரத்தின் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். கம்பிதத்துக்கு ஒன்று, நொக்குக்கு ஒன்று, ரவைக்கு ஒன்று, ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் சாய்ந்த கோடு ஒவ்வொன்று. ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்தில், ஒரு சிறிய சமஸ்தானத்தில், இதைச் செய்து முடித்தார்கள் என்றால் அந்த அச்சுக்கோப்பவர்களின் பொறுமையை எண்ணிப் பாருங்கள்.

இப்போது கதை தொடங்குகிறது. தெலுங்கு எழுத்து படிக்கத் தெரியாத தமிழ் வித்வான்களுக்காகச் சென்னை சங்கீத வித்வத் சபை இந்த நூலைத் தமிழ் எழுத்தில் கொண்டுவந்தது. ஒரே மூச்சில் அல்ல. முதல் பாகம் 1961-இல் வந்தது. ஐந்தாம் பாகம் 1983-இல் வந்தது. நடுவில் இருபத்திரண்டு ஆண்டுகள்! முதல் பாகம் வாங்கியபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை, ஐந்தாம் பாகம் வந்தபோது தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பார். அதன் பிறகு மறுஅச்சுகள் வந்தன. தெலுங்கிலேயே ஆந்திரத்தில் மறுபதிப்பு வந்தது. ஆங்கில எழுத்திலும் இப்போது கிடைக்கிறது.

ஒரு பெயர், எத்தனை நூல்கள்! நம் மாணவர் பட்டியலில் என்ன எழுதுகிறார்? "சுப்பராம தீட்சிதர், சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, எட்டயபுரம், 1904, ப. 812" என்பது போல எழுதுகிறார். அவர் கையில் இருந்தது என்ன? நூலகத்தில் எடுத்த தமிழ்ப் பாகம். அவருக்குத் தெலுங்கு எழுத்து தெரியுமா? தெரியாது. பக்க எண் எந்தப் புத்தகத்தினுடையது? தமிழ்ப் பாகத்தினுடையது. ஆண்டு எந்தப் புத்தகத்தினுடையது? எட்டயபுரத்தினுடையது. ஒரு வரியில் இரண்டு புத்தகங்கள் கலந்துவிட்டன. அந்த வரிக்கு உரிய புத்தகம் உலகத்தில் எந்த நூலகத்திலும் கிடையாது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? மிகவும் எளிது. தேர்வாளர் 1904 நூலின் படியைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்ப்பார். வேறு ராகம் இருக்கும். அடுத்ததாக, ஆய்வேட்டுக்குள் எடுத்து எழுதியிருக்கும் சாகித்தியத்தின் எழுத்துமுறையைப் பார்ப்பார். தமிழ்ப் பாகத்தில் உள்ள எழுத்துமுறை அச்சு அசலாக இருக்கும். மூன்றாவதாக, தமிழ்ப் பாகத்தில் மட்டும் நேர்ந்த ஓர் அச்சுப்பிழை ஆய்வேட்டிலும் அப்படியே இருந்தால், அதற்கு மேல் விசாரணையே வேண்டாம்.

ஆகவே முதல் விதி, ஒரே விதி என்றுகூடச் சொல்வேன்: கையில் இருந்ததைக் காட்டு. கண்ணால் பார்த்த நூலைக் காட்டு. மூலநூல் எது என்று சொல்ல வேண்டுமா? தாராளமாகச் சொல்லலாம், ஆனால் தனியாக. நான் என் மாணவர்களை இப்படி எழுதச் சொல்வேன்: முதலில் முத்துசாமி தீட்சிதர், பிறகு பாடலின் பெயர், பிறகு அந்த நூலில் உள்ளபடியே ராகம் கமகக்ரியா, தாளம் ஆதி, அதன் பிறகு சுப்பராம தீட்சிதர், நூலின் பெயர், தமிழ் எழுத்துப் பதிப்பு, எந்தப் பாகம், சென்னை, சங்கீத வித்வத் சபை, அந்தப் பாகம் வெளிவந்த ஆண்டு, பக்கம். கடைசியாக, "மூலம்: தெலுங்கு எழுத்தில், எட்டயபுரம், 1904" என்று ஒரு சிறு வாக்கியம். ஐந்து பாகத்துக்கும் சேர்த்து 1961 என்று போட்டுவிடக் கூடாது. எந்தப் பாகத்திலிருந்து எடுத்தாரோ அந்தப் பாகத்தின் ஆண்டு. கையில் இருப்பது மறுஅச்சு என்றால் மறுஅச்சின் ஆண்டு, பக்கத்தில் முதல் அச்சின் ஆண்டு.

இதற்கு இவ்வளவு கறார் எதற்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். சுரங்கத்தில் வேலை பார்த்த நண்பர்களுக்கு இது நன்றாகப் புரியும். பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரின் ஒரு பாகத்துக்கு டிராயிங் எடுக்கிறீர்கள். டிராயிங் எண் மட்டும் போதுமா? மூலையில் ரிவிஷன் எண் பார்க்காமல் ஒர்க்‌ஷாப்பில் யாராவது உலோகத்தை வெட்டுவார்களா? சுரக் குறிப்புக்குப் பதிப்பு என்பது அந்த ரிவிஷன் எண்.

சுரக் குறிப்பில் என்ன மாறிவிடப்போகிறது? இங்கேதான் நம் சங்கீதத்தின் தனித்தன்மை இருக்கிறது. 1904 நூலில் ஒரு காந்தாரத்தின் மேல் கம்பிதக் குறி இருக்கும். அடுத்த சுரத்துக்கு ஏறும் இடத்தில் ஜாருக் கோடு இருக்கும். அதே பாடல் பிற்காலத்துப் பாடப்புத்தகங்களில் வரும்போது, பெரும்பாலும் அந்தக் குறிகள் போய்விடுகின்றன. ச ரி க ம என்று வெறும் எழுத்து மிஞ்சுகிறது. "தீட்சிதர் கிருதிகளில் கமகப் பிரயோகம்" என்று தலைப்பு எடுத்துக்கொண்டவர், குறி இல்லாத புத்தகத்தை வைத்துக்கொண்டு, "இந்த இடத்தில் சுரம் அசைவில்லாமல் நிற்கிறது" என்று எழுதினால் என்ன ஆகும்? சுரம் நிற்கவில்லை. அச்சகத்தில் குறியீட்டுக்கான எழுத்து இல்லை, அவ்வளவுதான். பட்டியலில் பதிப்பைச் சரியாகக் காட்டியிருந்தால், படிக்கிறவர் இந்த முடிவை அரை நிமிடத்தில் எடைபோட்டுவிடுவார். காட்டாவிட்டால், பத்து ஆண்டு கழித்து இன்னொரு மாணவர் அதை ஆதாரமாக எடுத்துக்கொண்டு மேலே கட்டிக்கொண்டு போவார்.

இன்னொன்றும் இருக்கிறது. பிரதர்சினியில் இருப்பது 229 கிருதிகள் என்றேன். தீட்சிதர் பெயரில் இன்று வழங்குகிறவை நானூறுக்கும் மேலே. மற்றவை எங்கிருந்து வந்தன? கல்லிடைக்குறிச்சி சுந்தரமய்யர் தமிழில் பல பகுதிகளாக வெளியிட்ட தீட்சித கீர்த்தன மாலையிலிருந்து பெரும்பகுதி வந்தது. அவற்றில் எவை உறுதியாகத் தீட்சிதருடையவை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே ஒரு கிருதியைக் காட்டும்போது எந்த நூல் என்று சொல்வது, அந்தப் பாடலின் ஆதாரம் எவ்வளவு உறுதி என்று சொல்வதற்குச் சமம். பட்டியலில் "தீட்சிதர் கிருதிகள்" என்று மொட்டையாக எழுதினால் இந்த விவரம் முழுவதும் போய்விடுகிறது.

மேல்நாட்டில் இந்தச் சிக்கல் இல்லையா என்று கேட்பீர்கள். நன்றாகவே இருக்கிறது. ஆஸ்திரியாவின் புரூக்னர் தன் எட்டாவது சிம்பொனியை 1887-இல் ஒரு வடிவமாகவும் 1890-இல் திருத்திய வடிவமாகவும் எழுதினார். ராபர்ட் ஹாஸ் என்ற பதிப்பாசிரியர் 1939-இல் வெளியிட்டபோது, 1890 வடிவத்துக்குள் முந்தைய வடிவத்தின் சில பகுதிகளைச் சேர்த்துவிட்டார். 1955-இல் லியோபோல்ட் நோவாக் அவற்றை எடுத்துவிட்டு வெளியிட்டார். அதனால் அங்கே இசைத்தட்டு உறையிலேயே ஹாஸ் பதிப்பா, நோவாக் பதிப்பா என்று அச்சிடும் வழக்கம் வந்தது. வாசித்தவர் பெயரோடு பதிப்பாசிரியர் பெயரும் உறையில்! நம் உறைகளில் "பாடாந்தரம்" என்ற ஒரு வார்த்தை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். தீட்சிதர் கிருதியை ஒருவர் பிரதர்சினி வழியில் பாடுகிறாரா, குரு வழியில் வந்தபடி பாடுகிறாரா என்பது பெரும்பாலும் உறையில் இருப்பதில்லை. பாடகரே எங்காவது சொல்லியிருந்தால் மட்டும் ஆய்வாளர் அதைக் குறிக்கலாம். கேட்டுவிட்டுத் தானாக ஊகித்தால் அதை ஊகம் என்று குறிக்க வேண்டும்.

பழைய நூல்களில் இன்னொரு பொறி இருக்கிறது. தலைப்புப் பக்கத்தில் ஆங்கில ஆண்டே இருக்காது. "குரோதி வருஷம் தை மாதம்" என்று இருக்கும். தமிழ் ஆண்டு அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1904-உம் குரோதி, 1964-உம் குரோதி, 2024-உம் குரோதி. எது என்று எப்படித் தெரியும்? தாள், எழுத்து, அச்சுக்கூடத்தின் பெயர், விலை அணாவிலா ரூபாயிலா என்று பார்க்க வேண்டும். அணாவில் விலை போட்ட நூல் 1964 குரோதியாக இருக்க முடியாது. 1957-இல் நயா பைசா வந்துவிட்டது. சரி, பழைய குரோதி என்று முடிவாகிறது. உடனே 1904 என்று எழுதிவிடலாமா? கூடாது. தமிழ் ஆண்டு சித்திரையில் பிறக்கிறது. குரோதி வருஷத்துத் தை மாதம் ஆங்கிலக் கணக்கில் 1905 ஜனவரி, பிப்ரவரியில் விழும். ஆகவே பட்டியலில் நூலில் உள்ளபடியே "குரோதி வருஷம் தை" என்று எழுதி, சதுர அடைப்புக்குறிக்குள் 1905 என்று எழுத வேண்டும். சதுர அடைப்புக்குறி என்றால், இது நூல் சொன்னது அல்ல, ஆய்வாளர் கணித்தது என்று பொருள். இந்த ஒரு குறியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இசைத்தட்டுக்கும் இது வேண்டும்.

இனி தட்டுக்கு வருவோம். அச்சை விட்டு ஒலிக்கு வருவோம்.

நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய அரக்குத் தட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். அதில் இரண்டு எண்கள் இருக்கும். லேபிளில் அச்சிட்டிருப்பது விற்பனை எண். கடைக்காரர் கேட்டு வாங்கிய எண். லேபிளைச் சுற்றிப் பளபளப்பாக இருக்கும் வெற்று வளையத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே கீறியோ பொறித்தோ இன்னோர் எண் இருக்கும். அதுதான் மேட்ரிக்ஸ் எண். ஒலிப்பதிவு செய்த அன்று அந்தப் பக்கத்துக்குக் கொடுத்த எண். விற்பனை எண் மாறலாம். இரண்டு பாடல்களைப் பிரித்து வேறு ஜோடியாகப் பின்னால் விற்கலாம். மேட்ரிக்ஸ் எண் அந்தப் பதிவோடு போகும். எந்த ஆண்டுப் பதிவு என்று கண்டுபிடிக்க, தட்டு ஆராய்ச்சியாளர்கள் மேட்ரிக்ஸ் எண்களின் வரிசையைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே 78 தட்டைக் காட்டும்போது இரண்டு எண்களையும் எழுதுங்கள். எந்தப் பக்கம் என்பதையும் எழுதுங்கள்.

ஆனால் உண்மையைச் சொல்லுங்கள், எத்தனை பேர் தட்டிலிருந்து கேட்கிறோம்? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, ஊரெல்லாம் ஒலித்த 78 தட்டு. அந்தக் காலத்து ஆலாபனைகள் பின்னால் எல்.பி. ஆயின, ஒலிநாடா ஆயின, குறுந்தகடு ஆயின, இப்போது கைப்பேசியில் வந்துவிட்டன. தட்டில் ஒரு ராகம் பக்கம் மாறித் தொடரும். குறுந்தகட்டில் ஒட்டி ஒரே ஓட்டமாகத் தந்திருப்பார்கள். "3 நிமிடம் 40 நொடியில் பஞ்சமத்தில் நிற்கிறார்" என்று ஆய்வேட்டில் எழுதினால், அந்த நேரம் குறுந்தகட்டில்தான் உண்டு. தட்டில் அது இரண்டாம் பக்கத்தின் தொடக்கம். நேரத்தைக் குறிக்கிறவர் எந்த வடிவத்தின் நேரம் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

நேரம் மட்டுமா மாறுகிறது? சுருதியே மாறுகிறது! இதைக் கொஞ்சம் கணக்காகவே பார்ப்போம். 78 சுற்றில் பதிந்த தட்டை, நாடாவுக்கு மாற்றும்போது 80 சுற்றில் ஓட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் நூற்றுக்கு இரண்டரைக்குக் கொஞ்சம் மேலே கூடுகிறது. 2 கட்டை சுருதி, அதாவது சுமார் 146.8 ஹெர்ட்ஸ், 150.6 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். ஒரு சுரஸ்தானத்துக்கும் அடுத்த சுரஸ்தானத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தில் கிட்டத்தட்ட பாதி! காதுக்குச் சட்டென்று தெரியாது, பாட்டு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கணினியில் அலைவெண் அளந்து, "இந்த வித்வான் இளமையில் இவ்வளவு சுருதியில் பாடினார், முதுமையில் இவ்வளவு குறைந்தது" என்று ஆய்வு எழுதினால் மொத்தமும் தப்பாகிவிடும். குறைந்தது குரல் அல்ல. மாறியது மோட்டாரின் வேகம்.

இதை எப்படிக் கண்டுபிடிக்கலாம்? ஒரே பதிவு இரண்டு வெளியீடாகக் கிடைத்தால், இரண்டின் நேரத்தையும் அளந்து பாருங்கள். 3 நிமிடம் 10 நொடி இருக்க வேண்டிய பாட்டு, 80 சுற்றில் ஓடினால் 3 நிமிடம் 5 நொடியில் முடிந்துவிடும். தொடக்கமும் முடிவும் வெட்டுப்படாமல் இருந்து, ஐந்து நொடி குறைந்தால், வேகம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். எது சரியான வேகம் என்பது வேறு கேள்வி. பழைய தட்டுகள் எல்லாமே சரியாக 78-இல் பதிந்தவை அல்ல. ஆகவே பட்டியலில் கால அளவையும் எழுதச் சொல்கிறேன். "3.05" என்று ஓர் எண் கூடுதலாக எழுதுவதில் என்ன சிரமம்? அந்த எண்ணைப் பார்த்துத்தான் அடுத்து வருகிறவர், நீங்கள் கேட்ட வெளியீடு எது என்று உறுதி செய்துகொள்வார்.

ஆண்டு விஷயத்துக்கு வருவோம். உறையில் ஒரு வட்டத்துக்குள் பி என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஓர் ஆண்டும் இருக்கும். அது அந்த ஒலிப்பதிவு வெளியான ஆண்டைக் குறிப்பது. பாடிய ஆண்டு அல்ல. 1960-களில் வானொலி நிலையத்தில் பாடிய கச்சேரி, 1990-களில் ஒலிநாடாவாக வெளிவரலாம். மாணவர் 1990-களின் ஆண்டைப் பார்த்துவிட்டு, "பிற்காலத்தில் இவர் பாணி விளம்பத்துக்கு மாறியது" என்று எழுதுவார். அந்த வித்வானே அப்போது உயிரோடு இருந்திருக்க மாட்டார்! வெளியான ஆண்டு ஒன்று. பாடிய நாள் ஒன்று. வானொலி என்றால் ஒலிபரப்பான நாள் இன்னொன்று. உறையில் எது இருக்கிறதோ அதை அப்படியே எழுதுங்கள். மற்றது வேறு ஆதாரத்தால் தெரிந்தால் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள்.

இப்போது நம் மீனாட்சிக்குத் திரும்புவோம். குறுந்தகட்டில் பூர்வி கல்யாணி என்று இருக்கிறது. பிரதர்சினியில் கமகக்ரியா என்று இருக்கிறது. என்ன எழுதுவது? ஒலிப்பதிவுக்கான பதிவில் உறை சொன்னபடி பூர்வி கல்யாணி. நூலுக்கான பதிவில் நூல் சொன்னபடி கமகக்ரியா. இரண்டையும் ஒன்றாக்கித் திருத்துவதற்குப் பட்டியல் இடம் அல்ல. திருத்தினால் தேடுகிறவருக்கு உறையும் கிடைக்காது, பக்கமும் கிடைக்காது. இரண்டும் ஒரே பாடல் என்று தெரிய வேண்டுமே? அதற்குத்தான் இரண்டு பதிவிலும் பாடலின் பெயரை ஒரே எழுத்துமுறையில் எழுத வேண்டும். உறையில் "மீனாக்ஷி" என்று இருக்கும், நூலில் ஒரு மாதிரி, ஆங்கில உறையில் ஐந்து மாதிரி இருக்கும். பாடல் பெயருக்கு மட்டும் ஒரு வடிவத்தை முடிவு செய்து, ஆய்வேடு முழுவதும் அதையே வையுங்கள். ராகம், தாளம், ஆண்டு, கலைஞர் பெயர் ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். வேறுபாடு எங்கே இருக்கிறதோ அதை ஆய்வேட்டின் உள்ளே எடுத்துப் பேசுங்கள். அங்கே பேசினால் அது ஆய்வு.

யார் பெயரை முதலில் போடுவது? இயற்றியவரா, பாடியவரா? இதற்குப் பொது விதி தேடி அலைய வேண்டாம். தீட்சிதரைப் பற்றிய ஆய்வு என்றால் தீட்சிதர் முதலில். பாடகரின் பாணியைப் பற்றிய ஆய்வு என்றால் பாடகர் முதலில். எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே பின்பற்ற வேண்டும். பக்கவாத்தியக்காரர்களின் பெயரை விடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரே பாடகர், ஒரே பாடல், ஒரே நிறுவனம், இரண்டு பதிவு என்று வரும்போது, வயலினும் மிருதங்கமும் யார் என்பதை வைத்துத்தான் இரண்டையும் பிரிக்க முடியும்.

நம் ஆய்வேடுகளில் பட்டியலை முதன்மை ஆதாரம், துணைமை ஆதாரம் என்று பிரிப்பது வழக்கம். ஒலிப்பதிவுகளைக் கடைசியில் "பிற" என்று ஒரு மூலையில் தள்ளுகிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பாடகரைப் பற்றிய ஆய்வில் அவர் பாடிய தட்டுதான் முதன்மை ஆதாரம். அவரைப் பற்றி வந்த புத்தகம் துணைமை. தட்டுக்குத் தனித் தலைப்புக் கொடுத்து, முதலில் வையுங்கள்.

கடைசியாக, இந்த ஊருக்கென்று ஒன்று. நகரியத்தில் எத்தனையோ வீட்டு அலமாரிகளில், வானொலியிலிருந்தும் கோயில் கச்சேரியிலிருந்தும் வீட்டிலேயே பதிந்த ஒலிநாடாக்கள் இருக்கும். விற்பனை எண் இல்லை, மேட்ரிக்ஸ் எண் இல்லை, பதிப்பகம் இல்லை. அவற்றையும் பட்டியலில் காட்ட முடியும். "வெளியிடப்படாத ஒலிப்பதிவு" என்று தொடங்குங்கள். பாடியவர், பாடல், நாடாவின் மேல் பேனாவால் எழுதியிருப்பது எழுத்து மாறாமல், எத்தனை நிமிட நாடா, எந்தப் பக்கம். நேரடியாகப் பதிந்ததா, இன்னொரு நாடாவிலிருந்து எடுத்த படியா. இப்போது யாரிடம் இருக்கிறது. அவர் பெயரை அச்சிட ஒப்புதல் தந்தால் பெயர், தராவிட்டால் "தனியார் சேகரிப்பு, நெய்வேலி". நீங்கள் கேட்ட நாள். நாடாவில் நடுவில் அறிவிப்பாளர் குரல் வந்தால் அதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிலையத்தின் பெயரோ நாளோ அதில் கிடைத்துவிடும். "சந்ரு வீட்டில் காப்பி பண்ணியது" என்று உறையில் கிறுக்கியிருந்தாலும் அழிக்காதீர்கள், அதுவும் அந்த நாடா வந்த வழி.

இன்று கூட்டம் முடிந்த பிறகு, மேடைக்குப் பக்கத்து மேசையில் பிரதர்சினியின் தமிழ்ப் பாகம் ஒன்றும், 78 தட்டு ஒன்றும் வைத்திருக்கிறோம். கமகக் குறிகளைப் பார்க்க விரும்புகிறவர்கள், வெற்று வளையத்தில் எண்ணைப் படித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் வரிசையாக வாருங்கள். தட்டை ஓரத்தில் பிடியுங்கள். வரியின் மேல் விரல் படக் கூடாது.